இடைவெளிக்குள் 500 இருக்கிறதா? நம்பிக்கை இடைவெளியும் இருமுனைச் சோதனையும்: கேள்வி பதில்

டி மதிப்பே கணக்கிடாமல், நம்பிக்கை இடைவெளியை மட்டும் பார்த்து இன்மை எடுகோளை நிராகரிக்கலாம் என்கிறார்கள். இது குறுக்குவழியா, முறையான வழியா சார்?

முறையான வழிதான். ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு பாட்டிலிலும் சராசரியாக 500 மி.லி. ஊற்ற வேண்டிய இயந்திரம். 25 பாட்டில்களை அளந்தோம். சராசரி 497.2, திட்ட விலக்கம் 6. அப்படியானால் திட்டப் பிழை 6/√25, அதாவது 1.2. கட்டின்மை கூறு 24க்கு டி அட்டவணையில் 95 சதவீதத்துக்கான எண் 2.064. இரண்டையும் பெருக்கினால் 2.48. சராசரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதை வைத்தால் 494.72 முதல் 499.68 வரை ஓர் இடைவெளி கிடைக்கிறது. 500 அதற்கு வெளியே நிற்கிறது. ஆகவே 5% மட்டத்தில் "சராசரி 500" என்ற எடுகோள் நிராகரிக்கப்படுகிறது. அவ்வளவுதான்.

எப்படி இது சரியாகிறது? டி சோதனை கேட்பது, 497.2க்கும் 500க்கும் உள்ள தூரம் 2.48ஐத் தாண்டுகிறதா என்று. இடைவெளி கேட்பது, 497.2இலிருந்து 2.48 தூரத்துக்குள் 500 வருகிறதா என்று. கேள்வி ஒன்றுதான். ஒன்று 500இல் நின்றுகொண்டு மாதிரியைப் பார்க்கிறது, மற்றது மாதிரியில் நின்றுகொண்டு 500ஐப் பார்க்கிறது. இரண்டு தரப்பிலும் அளவுகோல் அதே 1.2 என்பதை மட்டும் மனதில் வையுங்கள். பின்னால் வரும் சிக்கலெல்லாம் அங்கேதான் முளைக்கிறது.

அப்போ பி மதிப்பு தெரியாமலே போய்விடுமே?

துல்லியமாகத் தெரியாது, ஆனால் வளைத்துப் பிடிக்கலாம். அதே தரவுக்கு 99% இடைவெளி போடுங்கள். அட்டவணை எண் 2.797 ஆகிறது, இடைவெளி 493.84 முதல் 500.56 வரை நீள்கிறது. இப்போது 500 உள்ளே வந்துவிட்டது. 5 சதவீதத்தில் நிராகரிப்பு, 1 சதவீதத்தில் இல்லை. பி மதிப்பு 0.01க்கும் 0.05க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

எனக்குக் குறைவாக ஊற்றுகிறதா என்பது மட்டும்தான் கவலை. அதே 95% இடைவெளி போதும்தானே?

போதாது. அது இரண்டு வாலிலும் 2.5% வைத்துக் கட்டியது. ஒருமுனைச் சோதனையை அதை வைத்து முடிவு செய்தால், உங்களை அறியாமல் 2.5% மட்டத்தில் சோதிக்கிறீர்கள். 5% வேண்டுமென்றால் 90% இடைவெளி எடுத்து, அதன் மேல் எல்லையை மட்டும் பாருங்கள். இங்கே அது 499.25. 500ஐத் தொடவில்லை, நிராகரிக்கலாம். ஆனால் தரவைப் பார்த்த பிறகு ஒருமுனைக்குத் தாவுவது கள்ளாட்டம்.

இரண்டு குழுக்களை ஒப்பிடும்போது நான் இப்படித்தான் செய்கிறேன்: இரண்டுக்கும் 95% இடைவெளி வரைவேன், ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் வித்தியாசம் இல்லை, படியாவிட்டால் உண்டு. ரொம்ப வருஷமாக இதுதான் என் வழக்கம்.

பாதி சரி. படியாவிட்டால் வித்தியாசம் உண்டு என்ற பாதியை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பாதியை விட்டுவிட வேண்டியதுதான்.

ஒரு குழுவின் சராசரி 10, இன்னொன்றின் சராசரி 13, இரண்டுக்கும் திட்டப் பிழை 1 என்போம். மாதிரி பெரிது, 1.96 போதும். முதல் இடைவெளி 8.04 முதல் 11.96 வரை, அடுத்தது 11.04 முதல் 14.96 வரை. கிட்டத்தட்ட ஒரு அலகு படிகிறது. உங்கள் வழக்கப்படி "வித்தியாசம் இல்லை". ஆனால் சோதனை கேட்பது வித்தியாசத்தைப் பற்றி. அதன் திட்டப் பிழை 1+1 அல்ல, √(1+1), அதாவது 1.414. வித்தியாசம் 3, இடைவெளி 0.23 முதல் 5.77 வரை. பூஜ்ஜியம் உள்ளே இல்லை, நிராகரிப்பு. படத்தில் இரண்டு கோடுகளைப் பார்க்கும்போது கண் பிழைகளை நேராகக் கூட்டிவிடுகிறது. எதைச் சோதிக்கிறீர்களோ அதற்கே ஓர் இடைவெளி போடுங்கள்.

எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரே ஆட்களை முன்னும் பின்னும் அளந்தோம். வித்தியாசத்துக்கு 95% இடைவெளி -0.4 முதல் 3.1 வரை. பூஜ்ஜியம் உள்ளே இருப்பதால் "மாற்றம் எதுவும் இல்லை" என்று அறிக்கை எழுதச் சொல்கிறார் மேலாளர்.

எழுதாதீர்கள். ஒரே ஆட்களின் வித்தியாசங்களை வைத்து இடைவெளி போட்டது சரி. ஆனால் பூஜ்ஜியம் உள்ளே இருப்பது போலவே 2ம் உள்ளே இருக்கிறது, 3ம் இருக்கிறது. "மாற்றம் பூஜ்ஜியம்" என்பதை இந்தத் தரவால் நிராகரிக்க முடியவில்லை. "மாற்றம் 3" என்பதையும்தான் முடியவில்லை. 3 அலகு மாற்றம் உங்கள் துறையில் பெரிய விஷயம் என்றால், இந்த ஆய்வு எதையும் முடித்து வைக்கவில்லை. அற்பம் என்றால் மேலாளர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அந்த எல்லையை நீங்கள்தான் சொல்ல வேண்டும், என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது.

முதல் பதிலில் "அதே அளவுகோல்" என்றீர்கள். விகிதத்துக்கு அது உடையுமே? சோதனையில் எடுகோளின் விகிதத்தை வைத்தும் இடைவெளியில் மாதிரியின் விகிதத்தை வைத்தும் திட்டப் பிழை எடுக்கிறோம்.

கையும் களவுமாகப் பிடித்தீர்கள். உடையும். 50 பொருளில் 1 பழுது, எடுகோள் 10% என்று வையுங்கள். வழக்கமான இடைவெளிக்குத் திட்டப் பிழை √(0.02×0.98/50), ஏறக்குறைய 0.0198. இடைவெளி -0.019 முதல் 0.059 வரை. 0.10 வெளியே, நிராகரி என்கிறது. சோதனையோ √(0.1×0.9/50) = 0.0424ஐ எடுக்கிறது, இசட் -1.89, நிராகரிக்க முடியாது என்கிறது. ஒரே தரவு, இரண்டு தீர்ப்பு. விகிதம் எங்காவது பூஜ்ஜியத்துக்குக் கீழே போகுமா? கீழ் எல்லை மைனஸில் போனதே, இந்த இடைவெளியை நம்பாதே என்பதற்கு அறிகுறி.

இதற்கு வில்சன் இடைவெளி இருக்கிறது, 1927இலேயே வந்தது. எந்தெந்த விகிதங்களை இசட் சோதனை நிராகரிக்காதோ அவற்றைத் திரட்டினால் கிடைப்பதுதான் அது. இங்கே 0.0035 முதல் 0.105 வரை வருகிறது; 0.10 உள்ளே. தீர்ப்பு சோதனையோடு ஒத்துப்போகிறது. ஆர் மென்பொருளில்:

```
prop.test(1, 50, p = 0.1, correct = FALSE)
```

கடைசித் துண்டை விட்டுவிட்டால் தொடர்ச்சித் திருத்தம் சேர்ந்துகொண்டு எண்கள் மாறும்.

லாஜிஸ்டிக் மாடலில் பி மதிப்பு 0.06 காட்டுகிறது, confint கொடுக்கும் இடைவெளியில் பூஜ்ஜியம் இல்லை. நான் எங்கே தப்பு செய்தேன்?

நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. `summary` காட்டுவது வால்டு சோதனை, அதாவது கெழுவை அதன் திட்டப் பிழையால் வகுத்துப் பார்ப்பது. `confint` தருவது நிகழ்தகைமை வளைவின் வடிவத்தைப் பின்தொடர்ந்து போட்ட இடைவெளி. அளவுகோல் வேறு வேறு, அதனால் ஓரத்தில் முட்டிக்கொள்கின்றன. அந்த இடைவெளிக்கு ஜோடியான சோதனை, மாறியை நீக்கிய மாடலோடு ஒப்பிடும் நிகழ்தகைமை விகிதச் சோதனைதான். சின்ன மாதிரியில் நான் அந்த ஜோடியைத்தான் நம்புவேன். வால்டு போதும் என்று என்னோடு சண்டை போடும் நண்பர்களும் உண்டு. எந்த ஜோடி என்பதைத் தரவைப் பார்க்கும் முன்பே எழுதி வைத்திருந்தீர்களா? இல்லையென்றால் இரண்டையும் அறிக்கையில் போட்டுவிடுங்கள்.