முத்திரைக் குறை தீரும், நொத்தாரிசு இல்லாத குறை தீராது

கேள்வி: 2022 தை மாதம் யாழ்ப்பாண நகரில் ஒரு கடையை 5 வருடத்துக்கு எடுத்தேன். மாதம் 40,000 ரூபா, முற்பணம் 10 இலட்சம். ஒப்பந்தத்தை ரைப் செய்து 50 ரூபா முத்திரை ஒட்டி, சமாதான நீதவான் முன்னால் இருவரும் கையொப்பம் வைத்தோம். கடையைத் தந்த கடைக்காரர் என் மனைவிக்குச் சொந்தக்காரர். இப்போது கூடுதல் வாடகைக்கு ஆள் கிடைத்ததும், "முத்திரை காணாது, ஒப்பந்தம் செல்லாது, எழும்பு" என்கிறார். கோயில் திருவிழாவில் எல்லோர் முன்னாலும் பேசி அவமானப்படுத்தினார். மிச்ச முத்திரையைக் கட்டினால் கோர்ட் இதை ஏற்குமா?

பதில்: சொந்தம், திருவிழா, அவமானம் எதுவும் வழக்குக்கு உதவாது தம்பி. முத்திரையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை சுலபம். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றுதான் உங்கள் வழக்கைத் தீர்மானிக்கும்.

முதலில் முத்திரை. 2006ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், நீங்கள் எடுத்த காலத்தில் குத்தகைக்கு ஒவ்வொரு 1,000 ரூபாவுக்கும் 10 ரூபா தீர்வை. அதை ஒரு மாத வாடகைக்கு அல்ல, முழுக் காலத்து வாடகைக்கும் பார்க்க வேண்டும். 60 மாதம், 40,000 படி 24 இலட்சம். தீர்வை 24,000. ஒட்டியது 50, குறைவு 23,950. முத்திரை காணாத பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. குறைந்த தொகையையும் தண்டத்தையும் கட்டினால் ஏற்கலாம். தண்டம் மூன்று மடங்கு என்று வைத்துப் பார்த்தால்கூட 72,000, குறைவையும் சேர்த்து 95,950. கடைக்காரர் சொல்கிற மாதிரி முத்திரை காணாததால் ஒப்பந்தம் செத்துப்போகாது. பணம் கட்டும் வரை அது கோர்ட் வாசலில் நிற்கிறது, அவ்வளவுதான்.

சரி, அந்த ஒரு இலட்சத்துக்குக் கிட்டக் கட்டி என்ன வாங்குகிறீர்கள்? ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். நொத்தாரிசின் அத்தாட்சி இருக்கிறதா? உங்கள் கடிதப்படி இருப்பது சமாதான நீதவானின் இறப்பர் முத்திரை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்கக் கையொப்பமிட்டு அவர்களால் அத்தாட்சிப்படுத்தப்பட வேண்டும் என்கிறது. இல்லையென்றால் சட்டத்தில் வலுவில்லை. இதைத் தண்டம் கட்டித் திருத்த முடியாது. முத்திரை ஆட்சேபத்தைப் பத்திரம் சாட்சியமாக அடையாளமிடப்படும்போதே எழுப்ப வேண்டும், விட்டால் பிறகு சிரமம். நொத்தாரிசு இல்லாத குறையோ சட்டக் கேள்வி, எதிர்த்தரப்புக்கு எப்போது நினைவு வந்தாலும் எழுப்பப் பார்ப்பார்கள். தண்டம் கட்டி, பத்திரத்தை வழக்கில் ஏற்றி, கடைசியில் 5 வருடக் குத்தகையே இல்லை என்று கேட்டுத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே 5 வருடக் கதையை விடுங்கள். உங்களிடம் இருப்பது மாதாந்த வாடகைதான். கடைக்கு வாடகைச் சட்டப் பாதுகாப்பு உண்டா என்பது வேறு கேள்வி. அதை உங்கள் சட்டத்தரணி கட்டடத்தின் விபரங்களை வைத்துப் பார்க்கட்டும்.

காப்பாற்ற வேண்டியது 10 இலட்சம். குத்தகை வலுவில்லை என்பதால் முற்பணத்தை அவர் வைத்துக்கொள்ள முடியாது, திருப்பிக் கேட்கலாம். அதற்கு அந்தப் பத்திரத்தையே நம்பினால் மறுபடி முத்திரைச் செலவு. வங்கியில் போட்டிருந்தால் வைப்புச் சீட்டைத் தேடுங்கள். அதில் குறிப்பு என்ன எழுதியிருக்கிறது? "முற்பணம்" என்றால் நல்லது. "வாடகை" என்று எழுதியிருந்தால் 25 மாத வாடகையை முன்கூட்டித் தந்ததாக அவர் சொல்வார். கையில் கொடுத்திருந்தால் ரசீது, இல்லாவிட்டால் அவர் தொகையை ஒப்புக்கொண்ட வாட்ஸ்அப் செய்தியாவது வேண்டும். எழுத்தில் இல்லாத உடன்படிக்கைக்குக் காலாவதி 3 வருடம் என்பதையும் மறக்க வேண்டாம். முத்திரையைப் பற்றி வாதாடிக்கொண்டே அந்தக் காலத்தை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. "முற்பணம் அவரிடம் கிடக்குத்தானே, வாடகையை அதில் கழிக்கட்டும்" என்று மாத வாடகையை நிறுத்திவிடுவார்கள். எங்கள் ஊரில் இது வழக்கம். அன்றிலிருந்து நீங்கள்தான் வாடகை நிலுவைக்காரர். அதுவரை எழுப்பக் காரணம் தேடிய கடைக்காரருக்குக் காரணத்தை நீங்களே கொடுக்கிறீர்கள். மாதா மாதம் வங்கியிலேயே போடுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் வையுங்கள்.

என் புத்தி, சமாதானமாகப் போங்கள். அவருக்குக் கடை அவசரம், அதுதான் உங்கள் பலம். ஆறு மாத அவகாசமும் முற்பணம் முழுதும் கேளுங்கள். சாவி கொடுக்கும் அதே இருப்பில் வங்கி வரைவு உங்கள் கைக்கு வர வேண்டும், "பிறகு தாறன்" என்பதற்குச் சாவியைக் கொடுக்க வேண்டாம். அவர் ஏற்கனவே மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டால், இதே நிபந்தனைகளைக் குடியியல் நடைமுறைக் கோவையின் 408ஆம் பிரிவின் கீழ் இணக்கமாகப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். அப்போது அவர் பணம் தராவிட்டால் அந்தத் தீர்ப்பாணையையே நிறைவேற்றக் கேட்கலாம்.