டேலி கணக்கில் 6 லட்சம் லாபம், சனிக்கிழமை சம்பளத்துக்குக் காசில்லை

கேள்வி: சின்ன கார்மென்ட் யூனிட் வைத்திருக்கிறேன். ஆடிட்டர் லாபம் என்கிறார், ஆர்டரும் நிறைய இருக்கிறது. ஆனால் மாதாமாதம் பணத்துக்கு அலைகிறேன். லாபம் எங்கேதான் போகிறது?

பதில்:

எங்கேயும் போகவில்லை, உங்களிடம் சரக்கு வாங்கிய பார்ட்டியிடம் இருக்கிறது. நீங்கள் பில் போட்ட அன்றே கணக்கில் லாபம் ஏறிவிடும். பணம் வருவது அவர் கொடுக்கிற அன்றுதான். அந்த இடைவெளியில் நூலுக்கும் சாயத்துக்கும் சம்பளத்துக்கும் உங்கள் கைக்காசு ஓடிக்கொண்டிருக்கும். நானும் திருப்பூரில் இதே தொழில்தான். சில வருடங்களுக்கு முன் இதில் நன்றாக மாட்டியிருக்கிறேன், அந்தக் கணக்கையே சொல்கிறேன். புரிவதற்காக எண்களை முழுதாக்கியிருக்கிறேன்.

உள்நாட்டு பிராண்டு ஒன்றிலிருந்து மாதம் 10,000 டி-ஷர்ட் ஆர்டர் வந்தது. பீஸ் 200 ரூபாய். நூல், நிட்டிங், சாயம் எல்லாம் சேர்த்துத் துணிக்கு 100, அக்சசரீஸ் 10, கட்டிங் முதல் பேக்கிங் வரை கூலி 45, வாடகை கரண்ட் ஆபீஸ் செலவுக்கு 25. ஆக அடக்கம் 180, பீஸுக்கு 20 ரூபாய் நிற்கும். மாதம் 20 லட்சத்துக்கு பில், 2 லட்சம் லாபம். ஒரே ஒரு வரியை மட்டும் நான் சரியாக யோசிக்கவில்லை: சரக்கு போய் 90 நாளில் பேமென்ட்.

ஏப்ரலில் நூல் எடுத்தேன். மில்லில் பணம் போட்டால்தான் லோடு ஏறும். நிட்டிங், சாயப்பட்டறை, தையல் என்று எல்லாம் முடிந்து சரக்கு கிளம்ப ஏப்ரல் கடைசி ஆகிவிட்டது. அங்கிருந்து 90 நாள் என்றால் முதல் பணம் ஜூலை கடைசியில். அதற்குள் மே, ஜூன், ஜூலை சரக்குக்கும் செலவழித்தாக வேண்டும். மாதம் 18 லட்சம் வீதம் நான்கு மாதத்துக்கு 72 லட்சம் வெளியே போனபிறகுதான் முதல் ரூபாய் உள்ளே வரும்.

இதோடு ஜிஎஸ்டி. பார்ட்டி பணம் கொடுத்தாரா என்று அரசாங்கம் கேட்பதில்லை. பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் GSTR-3B ரிட்டர்ன் போட்டு வரியைக் கட்டிவிட வேண்டும். 20 லட்சத்துக்கு 5 சதவீதம் என்றால் 1 லட்சம். நூல் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் அதுவும் என் கையிலிருந்து போனதுதானே. வாங்காத பணத்துக்கு வரி கட்டுகிற வேடிக்கை இது.

என்னிடம் கைமுதல் 40 லட்சம், வங்கியில் சிசி என்கிற கேஷ் கிரெடிட் கடன் 25 லட்சம், மொத்தம் 65. ஜூன் கடைசியில் 54 லட்சம் செலவாகி, வரியும் போய், மிச்சம் 8 லட்சத்துச் சொச்சம். ஜூலை நூலுக்குப் பணம் போட்டதும் அது கரைந்தது. ஜூலை இரண்டாவது வாரம் சனிக்கிழமை, பவர் டேபிளில் தைக்கிறவர்கள் சம்பளத்துக்கு வாசலில் நிற்கிறார்கள். டேலியைத் திறந்தால் மூன்று பில்லுக்கு 6 லட்சம் லாபம், ஜூலை சரக்கும் போனால் 8. அன்றைக்கு மச்சானிடம் கைமாத்து வாங்கித்தான் பட்டுவாடா செய்தேன்.

ஜூலை கடைசியிலும் பணம் வரவில்லை. துணி நிறத்தில் ஷேடு வித்தியாசம் என்று பில் பணத்தில் பிடித்து ஒரு டெபிட் நோட், அதைப் பேசி முடிக்கவே இன்னும் மூன்று வாரம். அப்போதுதான் அடுத்த அடி. சிசி லிமிட் 25 லட்சம் என்பது பேப்பரில்தான். மாதாமாதம் கொடுக்கிற ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துத்தான் எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி முடிவு செய்யும். 90 நாளைத் தாண்டிய பாக்கியைப் பெரும்பாலும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். பார்ட்டி தாமதித்த அதே வாரத்தில் வங்கியும் கையைச் சுருக்கியது.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு நாள் செலவு எவ்வளவு என்று பாருங்கள். எனக்கு 18 லட்சத்தை 30-ஆல் வகுத்தால் 60,000. நூலுக்குப் பணம் போட்ட நாளிலிருந்து பேமென்ட் வரும் நாள் வரை எத்தனை நாள்? எனக்கு 120. இரண்டையும் பெருக்கினால் 72 லட்சம். கையிலும் சிசியிலும் இருப்பது அதைவிடக் குறைவு என்றால், ஆர்டர் எடுக்கும் அன்றே சிக்கல் தெரிந்துவிடும். இதே பார்ட்டி ஆர்டரை 15,000 பீஸாக ஏற்றியிருந்தால் 1 கோடிக்கு மேல் வேண்டியிருக்கும். ஆர்டர் கூடினால் பணக் கஷ்டம் தீரும் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். நடப்பது தலைகீழ்.

நீங்கள் மெஷின் லோன் வைத்திருந்தால் இன்னொன்றும் உண்டு. இஎம்ஐயில் வட்டி மட்டும்தான் லாப நஷ்டக் கணக்கில் செலவு. அசல் அதில் வராது, ஆனால் வங்கியில் இருந்து போகும். தேய்மானம் கணக்கில் கழிவதால் கொஞ்சம் ஈடாகும், முழுதாக ஆகாது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. உத்யம் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு சட்டமே சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். 90 நாள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் செல்லாது. 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து, இந்தக் கெடுவுக்குள் தராத தொகையைப் பணம் கொடுக்கிற ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்றும் வந்துவிட்டது. அதனால் மார்ச்சில் போன் பண்ணினால் கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறார்கள். ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்று எல்லோருக்கும் தெரியும். நானும் கொடுக்கவில்லை. பார்ட்டி பெரிய கம்பெனி என்றால், பில்லை வைத்து முன்கூட்டியே பணம் வாங்குகிற TReDS தளத்தில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். அவர்கள் பில்லை ஏற்றுக்கொண்டுவிட்டால் வங்கி வட்டியைக் கழித்துக்கொண்டு சில நாளில் பணம் கொடுத்துவிடும். ஏற்றுக்கொள்ள வைப்பதுதான் கஷ்டம்.

எனக்கு உண்மையில் உதவியது விலைப் பேச்சுதான். அடுத்த சீசனில் அதே பிராண்டின் பர்ச்சேஸ் மேனேஜரிடம் போய், 45 நாளில் கொடுத்தால் பீஸுக்கு 3 ரூபாய் குறைக்கிறேன் என்றேன். மாதம் 30,000 ரூபாய் போகும். ஆனால் 120 நாள் 75 ஆகிவிடும், 72 லட்சத்துக்குப் பதில் 45 போதும். மிச்சமாகும் 27 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி போட்டாலே மாதம் 27,000. கிட்டத்தட்ட சமம்தான், ராத்திரி தூக்கம் இலவசம். "பாதி பீஸுக்குத்தான் ஒத்துப்பாங்க" என்றார் அவர். சரி என்றேன். மீதிப் பாதியை அவர்களே துணி கொடுக்கிற ஜாப் வொர்க்காக மாற்றிக்கொண்டேன். பீஸுக்கு நிற்கிற காசு குறைந்தது, நூலுக்குப் பணம் போடுகிற வேலையும் போனது. அந்த வருடம் ஆடிட்டர் லாபம் குறைந்திருக்கிறதே என்று கேட்டார். சனிக்கிழமை பட்டுவாடா மட்டும் ஒரு வாரமும் தள்ளிப்போகவில்லை.