ஜூம் வகுப்பின் நடுவே ஆசிரியரின் இணைப்பு அறுந்தால் வகுப்பைத் தொடர்வது எப்படி?

கேள்வி: ஜூமில் பாடம் நடத்தும்போது என் இணைய இணைப்பு போய்விட்டால் வகுப்பு என்னாகும்? இன்னொருவரிடம் பொறுப்பை முன்கூட்டியே கொடுத்து வைக்கலாமா?

பதில்: கொடுத்து வைக்கலாம்; கொடுத்தே வைக்க வேண்டும். வகுப்பு தொடங்கியதும் Participants பட்டியலில் துணை ஆசிரியரின் பெயருக்கு எதிரே உள்ள More பொத்தானை அழுத்தி, Make Co-Host என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவர் இருக்கையில் உங்கள் இணைப்பு அறுந்தால், ஹோஸ்ட் பொறுப்பு பொதுவாக அவரிடம் தானாகவே போய்ச் சேரும். கோ-ஹோஸ்ட் யாரும் இல்லாவிட்டால் அது ஒரு மாணவரிடம் போய்விடக்கூடும் என்பதுதான் எனக்குக் கவலை தரும் இடம்.

கோ-ஹோஸ்ட்டைக் கூட்டம் தொடங்கிய பிறகே நியமிக்க முடியும். அவரால் கூட்டத்தைத் தொடங்கவும் இயலாது. தொடங்கும் நேரத்திலேயே உங்கள் இணைப்பு தடுமாறும் என்று அஞ்சினால், அதே கணக்கில் உரிமம் பெற்ற ஒருவரை, கூட்டத்தைத் திட்டமிடும்போதே Alternative Hosts என்ற இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

பொறுப்பு தவறான கைக்குப் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். உங்கள் Host Key எண்ணை அறிந்த துணை ஆசிரியர், பட்டியலின் கீழேயுள்ள Claim Host வழியாக அதை உள்ளிட்டுப் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே அந்த எண்ணை அவரிடம் மட்டும் தனியாகச் சொல்லி வையுங்கள், வகுப்பின் சாட்டில் எழுதாதீர்கள். நீங்கள் திரும்பி வரும்போது அதே கணக்கில் உள்நுழைந்திருப்பது அவசியம். கைபேசியில் விருந்தினராக நுழைந்தால் ஜூம் உங்களை உரிமையாளராக அறியாது. பொறுப்பு தானாகத் திரும்பாவிட்டால் Reclaim Host அழுத்துங்கள்.

உங்கள் கணினியில் நடந்த பதிவு இணைப்போடு சேர்ந்து நின்றுவிடும். தொடர்ச்சி வேண்டுமானால் புதிய ஹோஸ்ட் தம் பக்கத்தில் உடனே பதிவைத் தொடங்க வேண்டும்.