ஐபேடில் ஸ்கிரீன்ஷாட்: ஹோம் பட்டன் இல்லாத மாடலுக்கு

"பழைய ஐபேடில் ஹோம் பட்டனோடு சேர்த்து அழுத்தி எடுப்பேன். புதியதில் அந்த பட்டனே இல்லை. மேல் பட்டனையும் வால்யூமையும் அழுத்தினால் ஆஃப் செய்யவா என்று கேட்கிறது."

பட்டன்கள் சரிதான், நீங்கள் விரலை எடுக்கத் தாமதிக்கிறீர்கள், அவ்வளவுதான். மேல் பட்டனையும் இரண்டு வால்யூம் பட்டன்களில் ஏதாவது ஒன்றையும் ஒரே நேரத்தில் ஒரு தட்டு தட்டி உடனே விட்டுவிடுங்கள். இரண்டு விநாடி பிடித்தாலே அணைக்கும் ஸ்லைடர் வந்துவிடும், வந்தால் ரத்து செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். திரை அப்படியே இருண்டு பூட்டிக்கொண்டால் மேல் பட்டன் முந்திவிட்டது என்று அர்த்தம், ஒலி அளவுப் பட்டை மட்டும் எட்டிப் பார்த்தால் வால்யூம் முந்திவிட்டது. எனக்கும் முதல் நாள் முழுக்க இதே கூத்துதான்.

பழையதில் மேல் பட்டனும் ஹோம் பட்டனும், அதிலும் தட்டி விடுவதுதான்.

சரியாக விழுந்தால் திரை ஒரு நொடி மின்னி, இடது கீழ் மூலையில் சின்னப் படம் வந்து நிற்கும். அதைத் தொட்டால் வெட்டலாம், எழுதலாம். விட்டுவிட்டால் தானாகவே போட்டோஸில் சேர்ந்துவிடும். சஃபாரியில் நீளமான பக்கம் என்றால் அந்தச் சின்னப் படத்தைத் தொட்டதும் மேலே Full Page என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் பக்கம் முழுவதையும் பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம்.

அப்புறம், விரல் ஒத்துழைக்கவே இல்லையென்றால் Settings > Accessibility > Touch > AssistiveTouch போய் ஆன் செய்து, அங்கேயே Single-Tap என்பதில் Screenshot வைத்துவிடுங்கள். திரையில் மிதக்கும் வட்டத்தைத் தொட்டாலே போதும், அந்த வட்டம் படத்தில் விழாது.