டைட்டிலில் வந்ததையே போடுங்கள்

“படத்தில் பாதிக்கு மேல் நான்தான் வெட்டினேன், டைட்டிலில் ‘இணை எடிட்டர்’ என்றுதான் வந்தது. ப்ரொஃபைலில் ‘எடிட்டர்’ என்று போடலாமா? 4கே படம் என்றும் எழுதலாமா?”

போடாதீர்கள். வேலை கொடுப்பவர் அந்தப் படத்தின் எடிட்டருக்கே போன் போட்டுக் கேட்பார், அதோடு மற்ற வரிகளும் சந்தேகத்துக்குள்ளாகும். திரையில் வந்த சொல்லை அப்படியே எழுதி, கீழே செய்த வேலையைச் சொல்லுங்கள்: “இணை எடிட்டர். இரண்டாம் பாதியின் முதல் கட், இரண்டு சண்டைக் காட்சிகள்.” இப்படிக் குறிப்பாகச் சொன்னால் பட்டத்தைவிட எடை அதிகம். எடிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுதுவது நல்லது.

வெறும் ‘4கே’ எதையும் சொல்லாது. 4.5கே-யில் சுட்டு, ஹெச்டி ப்ராக்ஸி என்ற எடை குறைந்த நகலில் வெட்டி, தியேட்டருக்கு 2கே டிசிபி-யாக வெளியான படம் எந்தக் ‘கே’? மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். எடிட்டருக்கு முக்கியம் நடுவில் உள்ளதுதான்: எந்த மென்பொருள், எந்த ப்ராக்ஸி, நிறம் திருத்தும் டிஐ-க்கு வெட்டுப் பட்டியலைக் கொடுத்தது இடிஎல்-லாகவா எக்ஸ்எம்எல்-லாகவா. கேமரா பெயர் ஒளிப்பதிவாளரின் பட்டியலுக்கு.

அப்புறம், இயக்குநர், எடிட்டர் பெயர்களை அந்தந்தப் படத்துக்குக் கீழேயே போடுங்கள். தனியாகப் பெயர்களை அடுக்கினால் யாரோடு எதில் வேலை செய்தீர்கள் என்று தெரியாது.