பெரியம்மாவும் தேனும்

"பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டு வைக்க வேண்டாம் எண்டு குடும்ப வாட்ஸ்அப்பில போட்டன். 'உங்களையெல்லாம் தேன் தொட்டுத்தான் வளர்த்தம், என்ன நடந்தது?' எண்டு பெரியம்மா கேக்கிறா. மரியாதை கெடாமல் என்ன எழுத? – திருகோணமலை"

அவ சொல்லுறதில உண்மை இருக்கு, முதல்ல அதை ஒத்துக்கொள்ளுங்கோ. தேன் தொட்ட பிள்ளையளில அனேகமானவைக்கு ஒண்டும் நடக்கிறதில்லை. "அது பிழை" எண்டு தொடங்கினால் அவ வளர்த்த வளர்ப்பே பிழை எண்ட மாதிரிப் போயிடும். இப்பிடி எழுதலாம்:

"பெரியம்மா, நீங்கள் வளர்த்ததில எங்களுக்கு ஒரு குறையும் வரேல்லை. ஆனால் சில தேனில பொட்டுலினம் கிருமியின்ர வித்து இருக்குமாம். எங்கட குடல் அதைத் தாங்கும், ஒரு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளையின்ர குடலில அது முளைச்சு நஞ்சு விடும். அரிதுதான், வந்தால் மூச்சையும் பாதிக்கும். ஆறு மாதத்தில கோணேசர் கோயிலில முதல் சோறு நீங்கள்தான் தீத்த வேணும்."

கடைசி வரியை விட்டிடாதேங்கோ. அவவுக்கு வேண்டியது தேனில்லை, முதல் வாயில தன்ர கை.

"நல்ல மலைத்தேன், காய்ச்சித் தாறன்" எண்டு திரும்பி வருவா. சுத்தமான தேனிலயும் வித்து இருக்கலாம், வீட்டில கொதிக்க வைச்சாலும் சாகாது. இதைக் குழுவில எழுதாமல் போனில சொல்லுங்கோ. நாலு பேர் பார்க்க ஆரும் இறங்கி வராயினம்.

ஏற்கெனவே தொட்டு வைச்சிருந்தால் சண்டை வேண்டாம், பிள்ளையைக் கவனியுங்கோ. மலச்சிக்கல், கண்ணிமை சரிவு, பால் இழுக்க ஏலாமை, சத்தமில்லாத அழுகை இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. தேன் குடுத்ததையும் டொக்டரிட்டச் சொல்லுங்கோ.