சின்னச் சில்லில் பின்னக் கணக்கு: முழு எண்ணா, ஃப்ளோட்டா?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வெப்பநிலை அளப்பது பற்றியவை. அதனால் எல்லாப் பதிலுக்கும் ஒரே அமைப்பை எடுத்துக்கொள்கிறேன்: ATmega328P, 10 பிட் ஏடிசி, 3.3 வோல்ட் ஒப்பு மின்னழுத்தம், TMP36 சென்சார். இந்தச் சென்சார் 0 டிகிரியில் 500 மில்லிவோல்ட் தரும். ஒவ்வொரு டிகிரிக்கும் 10 மில்லிவோல்ட் கூடும். அதாவது மில்லிவோல்ட்டிலிருந்து 500ஐக் கழித்தால் கிடைப்பதே, டிகிரியில் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்ட வெப்பநிலை. முழு எண் கணக்குக்கு இதைவிட வசதியான சென்சார் கிடைப்பது அரிது.

ஏடிசி 153 காட்டுகிறது. `long mv = raw * 3300 / 1024;` என்று எழுதியும் மைனஸ் 51.8 டிகிரி வருகிறது. விடையை `long` ஆக வைத்தும் ஏன் இப்படி?

விடையை எந்தப் பெட்டியில் போடுகிறோம் என்பதைக் கம்பைலர் பெருக்கும்போது பார்ப்பதில்லை. பெருக்கப்படும் இரண்டும் `int`. இந்தச் சில்லில் `int` என்றால் 16 பிட், உச்சம் 32767. 153 × 3300 = 504900. அது 16 பிட்டில் அடங்காமல் சுற்றி வந்து -19388 ஆகிறது. 1024ஆல் வகுத்தால் -18, அதில் 500 போனால் -518. நீங்கள் பார்த்த -51.8 அதுதான். (C மொழியின் விதிப்படி இப்படி வழிந்தால் என்ன வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை; சுற்றி வருவது வழக்கம், அவ்வளவுதான்.) ஏடிசி 10ஐ எட்டினாலே இந்தப் பெருக்கல் வழிந்துவிடும். பெருக்கும் முன்பே ஒரு பக்கத்தை 32 பிட் ஆக்க வேண்டும்:

```c
int16_t mv  = ((uint32_t)raw * 3300 + 512) >> 10;
int16_t t10 = mv - 500;   // 153 -> 493 -> -7
```

விடை -7, அதாவது -0.7 டிகிரி. உண்மையான மதிப்பு 493.07 மில்லிவோல்ட், ஆக -0.69. பத்தில் ஒரு பங்குக்குச் சரியாக இருக்கிறது.

வழிதலுக்குப் பயந்து முதலில் வகுத்துவிடாதீர்கள். `raw / 1024` எப்போதும் 0. `3300 / 1024` என்பது 3.22க்குப் பதில் வெறும் 3. அதை 153ஆல் பெருக்கினால் 459தான் வரும், மூன்றரை டிகிரி காணாமல் போகும். பெருக்கல் முதலில், வகுத்தல் கடைசியில்.

அந்த 512 எதற்கு?

முழு எண் வகுத்தல் பின்னத்தை வெட்டி எறிகிறது, அருகிலுள்ள முழு எண்ணுக்கு முழுமையாக்குவதில்லை. ஏடிசி 152 என்றால் 489.84 மில்லிவோல்ட்; வெட்டினால் 489, சரியாக முழுமையாக்கினால் 490. வகுக்கும் எண்ணில் பாதியை முன்கூட்டியே சேர்த்துவிட்டால் இது சரியாகிவிடும். 1024இல் பாதி 512.

இதில் ஒரு பொறி உண்டு. பாதியைக் கூட்டும் வித்தை நேர்ம எண்களுக்குத்தான் ஒழுங்காக வேலை செய்யும். -17ஐ 10ஆல் வகுத்து முழுமையாக்கினால் -2 வர வேண்டும். 5 கூட்டினால் -12, அதை வகுத்தால் C பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டி -1 தரும். எதிர்ம எண்ணுக்குப் பாதியைக் கழிக்க வேண்டும்: -22, வகுத்தால் -2. என் வழக்கம் என்னவென்றால், மேலே உள்ள நிரலைப் போல, குறி எதுவும் நுழையும் முன்பே முழுமையாக்கலை முடித்துவிட்டு 500ஐக் கழிப்பதைக் கடைசியில் வைப்பேன். அப்புறம் இந்தச் சிக்கலே வராது.

குளிர்பெட்டிக்குள் வைத்த கருவி பூஜ்ஜியத்துக்கும் -1க்கும் நடுவில் மட்டும் தவறாகக் காட்டுகிறது. மற்ற இடத்தில் சரி. சென்சார் பழுதா?

சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. `t10 / 10`, `t10 % 10` என்று இரண்டு துண்டாகப் பிரித்து அச்சிடுகிறீர்கள் அல்லவா? -7ஐ 10ஆல் வகுத்தால் 0. மைனஸ் குறி அங்கேயே தொலைந்தது. மீதி -7, அதனால் திரையில் `0.-7`. அது அசிங்கமாக இருக்கிறதே என்று மீதிக்கு மட்டும் `abs` போட்டால் `0.7` ஆகி, பார்க்கச் சரியான எண் போலவே நிற்கும். எனக்கும் இது நடந்தது. இரண்டு நாள் பதிவை வரைபடமாகப் போட்டபோது, பூஜ்ஜியத்தைத் தொட்டதும் கோடு மேலே துள்ளி, -1இல் மறுபடி கீழே விழுந்திருந்தது. அப்படி ஒரு வடிவம் தெரிந்தால் அச்சிடும் வரியைத்தான் முதலில் பாருங்கள்.

```c
if (t10 < 0) putchar('-');
printf("%d.%d", abs(t10) / 10, abs(t10) % 10);
```

`y += (x - y) >> 3;` என்று ஃபில்டர் போட்டேன். வெப்பம் ஏறும்போது 20.7க்குப் பதில் 20.0இலேயே நிற்கிறது. இறங்கும்போது மட்டும் சரியாக வருகிறது.

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள், காரணம் அந்த ஏற்ற இறக்க வித்தியாசத்திலேயே இருக்கிறது. y = 200, x = 207 என்றால் வித்தியாசம் 7; அதை மூன்று பிட் வலப்பக்கம் நகர்த்தினால் 0. y அசையவே அசையாது. x = 193 என்றால் வித்தியாசம் -7; எதிர்ம எண்ணை நகர்த்தும்போது `gcc` கீழ்நோக்கி முழுமையாக்கும், விடை -1. அதனால் ஒவ்வொரு படியாக 193 வரை இறங்கிவிடும். நகர்த்தலுக்குப் பதில் `/ 8` போட்டால் இரண்டு பக்கமும் சிக்கிக்கொள்ளும், அதுவும் தீர்வல்ல.

தூக்கி எறியும் அந்த மூன்று பிட்டை வைத்துக்கொள்வதுதான் மருந்து. ஃபில்டரின் நினைவை எட்டு மடங்காகச் சேமியுங்கள்:

```c
// தொடக்கத்தில் acc = x * 8
int16_t y = (acc + 4) >> 3;
acc += x - y;
```

இப்போது வித்தியாசம் 1 என்றாலும் `acc` ஒன்று கூடும்; y உண்மையில் x ஆகும் வரை நிற்காது. வெளியே காட்டும் y, உள்ளே கழிக்கும் y இரண்டும் ஒரே முழுமையாக்கலில் வந்தவையாக இருக்க வேண்டும். காட்டுவதில் 4 சேர்த்து, கழிப்பதில் விட்டுவிட்டால், மேலிருந்து இறங்கி வரும்போது விடை ஒன்று கூடுதலாக நின்றுவிடும். 125 டிகிரிக்கும் `acc` 10000தான், ஆகவே 16 பிட் தாராளம்.

இவ்வளவு தொல்லை எதற்கு? ஃப்ளோட்டே போட்டுவிடக் கூடாதா?

போடலாம். இந்தச் சில்லில் ஃப்ளோட்டுக்கு வன்பொருள் கிடையாது, மென்பொருள் நூலகம்தான் செய்கிறது. அப்படியும் நொடிக்கு ஒருமுறை வெப்பநிலை படிப்பதற்கு 16 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தாமதம் உறைக்காது. நொடிக்குப் பல ஆயிரம் முறை கணக்கிட வேண்டியிருந்தாலோ, ஃபிளாஷ் நிரம்பிக்கொண்டிருந்தாலோ முழு எண்ணுக்குப் போங்கள். ஃப்ளோட் போட்டால் அளவு துல்லியமாகும் என்று மட்டும் எண்ண வேண்டாம். ஏடிசியின் ஒரு படி 3.22 மில்லிவோல்ட், அதாவது 0.32 டிகிரி. அதற்குக் கீழே வரும் தசமங்கள் கணக்கு தந்தவை, சென்சார் தந்தவை அல்ல.

வெட்டுப்படுதலும் போய்விடாது. -6.9ஐ `(int)` போட்டு மாற்றினால் -6தான், `lroundf` பயன்படுத்துங்கள்.

ஓட்டமானியின் துடிப்புகளை `float total` இல் ஒவ்வொன்றாகக் கூட்டுகிறேன். மூன்று வாரம் ஆவதற்குள் எண்ணிக்கை நின்றுவிட்டது.

16777216இல் நின்றிருக்கும், பாருங்கள். 32 பிட் ஃப்ளோட்டில் எண்ணுக்கு 24 பிட்தான் இடம். அந்த எண்ணோடு 1 கூட்டினால் விடை பழைய எண்ணாகவே முழுமையாகிவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது. நொடிக்கு 10 துடிப்பு என்றால் 19 நாளில் அங்கே வந்துவிடும். இந்தச் சில்லில் `double` என்று மாற்றினாலும் பயனில்லை. `avr-gcc` வழக்கமாக அதையும் 32 பிட்டாகவே வைக்கிறது. துடிப்புகளை `uint32_t` இல் எண்ணுங்கள், லிட்டராக மாற்றுவதைத் திரையில் காட்டும்போது மட்டும் செய்யுங்கள்.